பெரிய கைப்பேசி, சிறிய கை: திரையைக் கீழே இழுப்பதா, மூலைக்குச் சுருக்குவதா?

திரை பெரிதாக இருக்கிறதே என்று வாங்கிய கைப்பேசியை ஒரு கையால் பயன்படுத்த முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஒருகைப் பயன்முறை என்று அமைப்புகளில் ஒன்று இருக்கிறதே, அதை இயக்கினால் போதுமா?" அந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் வழங்கப்படுகின்றன என்பதால் இதற்கு நேரடியாக விடை சொல்ல முடிவதில்லை. ஒன்று, திரையின் மேற்பகுதியை அப்படியே கீழே இழுத்துக் கொடுப்பது. மற்றொன்று, முழுத் திரையையும் சிறிதாக்கி ஒரு மூலையில் ஒதுக்குவது. இவற்றோடு, திரையை அப்படியே விட்டுவிட்டு விசைப்பலகையையும் பொத்தான்களின் இடத்தையும் மட்டும் மாற்றிக்கொள்ளும் மூன்றாவது வழியும் இருக்கிறது. எது உதவும் என்பது உங்கள் பெருவிரல் எட்டாதது உயரத்திலா, அகலத்திலா என்பதைப் பொறுத்தது.

இதை என் தங்கையின் கைப்பேசியை வைத்தே விளக்குகிறேன். அவளுடையது 6.7 அங்குலத் திரை. உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 20:9. அதாவது திரை ஏறத்தாழ 155 மி.மீ. உயரமும் 70 மி.மீ. அகலமும் கொண்டது. விகிதம் இதை ஒட்டியிருக்கும் எந்தக் கைப்பேசிக்கும் கீழ்வரும் கணக்கு சிறு மாற்றங்களோடு பொருந்தும்.

## முதலில் அளக்க வேண்டியவை

ஏதேனும் ஓர் ஓவியச் செயலியைத் திறந்து, கைப்பேசியை வழக்கமாகப் பிடிப்பதுபோல் ஒரு கையில் பிடித்து, பிடியைச் சற்றும் மாற்றாமல் பெருவிரலால் எட்டும் தொலைவு வரை ஒரு வளைவு வரையுங்கள். பிடியை மாற்றாமல் என்பது இங்கே முக்கியம். கைப்பேசியை உள்ளங்கையில் சற்றே மேலேற்றியோ சாய்த்தோ வரைந்தால் அளவு பொய்யாகிவிடும். கைப்பேசி நழுவி விழுவதும் அப்படி ஏற்றிச் சாய்க்கும் கணத்தில்தான். வளைவு வரைந்தபின் ஓர் அளவுகோலை வைத்து, திரையின் கீழ் விளிம்பிலிருந்து வளைவு எவ்வளவு உயரம் செல்கிறது என்பதையும், வெவ்வேறு உயரங்களில் எதிர்ப்பக்கமாக எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை வலக்கையால் பிடிப்பவள். அவளுடைய வளைவு வலது விளிம்பை ஒட்டி 105 மி.மீ. உயரம் வரை சென்றது. கீழிருந்து 35 மி.மீ. உயரத்தில் மட்டும் எதிர் விளிம்பை, அதாவது முழு 70 மி.மீ. அகலத்தையும், தொட முடிந்தது. மேலே செல்லச் செல்ல வளைவு வலப்பக்கமாக ஒடுங்கியது, 80 மி.மீ. உயரத்தில் 53 மி.மீ. தொலைவும், 93 மி.மீ. உயரத்தில் 39 மி.மீ. தொலைவும்தான் எட்டின. ஆக, அவளுக்கு உயரத்தில் 50 மி.மீ. குறை, அதற்கும் கீழே, இடப்பக்கமாக ஒரு பெரிய முக்கோணப் பகுதியும் எட்டாமல் நின்றது. பலர் கவனிக்கத் தவறுவது இந்த முக்கோணத்தைத்தான்.

இந்த வளைவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். உயரக் குறையைத் தீர்க்கிறதா? அகலக் குறையைத் தீர்க்கிறதா? தீர்த்தபின் பொத்தான்கள் விரலால் தவறாமல் தொடக்கூடிய அளவில் இருக்கின்றனவா? ஒவ்வொரு முறையும் அந்த நிலைக்குள் சென்று வெளியே வர எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது? நான்காவது கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வசதியைப் பயன்படுத்துவோமா மறந்துவிடுவோமா என்பதை அதுவே முடிவு செய்கிறது.

## வழி 1: திரையைக் கீழே இழுத்தல்

ஐஃபோனில் இதன் பெயர் Reachability. 2014-இல் ஐஃபோன் 6 வெளிவந்தபோது திரைகள் பெரிதானதை ஈடுகட்ட இது சேர்க்கப்பட்டது. Settings > Accessibility > Touch பகுதியில் இதை இயக்கிவிட்டால், முகப்புப் பொத்தான் உள்ள பழைய வகைகளில் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருமுறை மெல்லத் தொட்டும், பொத்தான் இல்லாத வகைகளில் திரையின் கீழ் விளிம்பில் விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுத்தும் திரையைத் தாழ்த்தலாம். ஆண்ட்ராய்டில் 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இதே வகை ஏற்பாடு அடிப்படை அமைப்பிலேயே இடம்பெற்றது. அங்கேயும் சைகை இதுவேதான்.

பொதுவாக ஆண்ட்ராய்டின் அடிப்படை ஏற்பாட்டில் திரை ஏறத்தாழ 40 விழுக்காடு கீழே இறங்குகிறது. 155 மி.மீ. உயரத் திரையில் அது 62 மி.மீ. ஆகும். எனவே உச்சி விளிம்பு 93 மி.மீ. உயரத்துக்கு வந்துவிடுகிறது, 105 மி.மீ. எட்டும் என் தங்கையின் விரலுக்கு உயரக் குறை முழுவதும் தீர்ந்தது. எதுவும் சுருங்காததால் எழுத்தும் பொத்தானும் பழைய அளவிலேயே இருக்கின்றன. மூன்றாவது கேள்வியில் இந்த வழிக்கு முழு மதிப்பெண்.

அகலத்தில்தான் இடர்ப்பாடு. பல செயலிகளில் திரும்பிச் செல்லும் அம்புக்குறி இடப்பக்க மேல் மூலையில் இருக்கிறது. அவள் கைப்பேசியில் அது கீழிருந்து 143 மி.மீ. உயரத்திலும் வலது விளிம்பிலிருந்து 63 மி.மீ. தொலைவிலும் இருந்தது. திரையை இழுத்தபின் உயரம் 81 மி.மீ. ஆகக் குறைந்தது, ஆனால் அந்த உயரத்தில் அவள் விரல் எட்டுவது 53 மி.மீ. வரைதான். பத்து மில்லிமீட்டர் குறைகிறது. வலப்பக்க மேல் மூலையில் உள்ள பட்டியல் பொத்தானையோ, உச்சியின் நடுவில் உள்ள தேடல் பெட்டியின் வலது பாதியையோ அவள் எளிதாகத் தொட்டாள். கைப்பேசியை இடக்கைக்கு மாற்றினால் இதே கணக்கு கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிவிடும்.

ஆயினும் இந்தக் குறையைப் பெரிதுபடுத்த நான் தயங்குகிறேன். ஆண்ட்ராய்டு 10 முதல் உள்ள சைகை வழிசெலுத்தலில் இரண்டு விளிம்புகளில் எதிலிருந்து உட்புறமாக இழுத்தாலும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பலாம். வலக்கைப் பெருவிரலுக்கு வலது விளிம்பு எப்போதும் எட்டும். ஐஃபோனில் இடது விளிம்பிலிருந்து இழுக்க வேண்டும் என்றாலும், அதை உச்சியில் செய்ய வேண்டியதில்லை. விரல் நன்றாக நீளும் 35 மி.மீ. உயரத்தில் செய்தாலே போதும். எனவே எட்டாத மூலையில் அம்புக்குறி இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. உண்மையில் அவதிப்படுபவர்கள், மூன்று கோடுகளாக இடப்பக்கப் பட்டியலை வைத்திருக்கும் செயலியை நாள்தோறும் பயன்படுத்துபவர்கள்.

மறைவான செலவு வேறிடத்தில் இருக்கிறது. மேற்பகுதி கீழே இறங்கும்போது, கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. விசைப்பலகை, செய்தி எழுதும் பெட்டி, அனுப்பும் பொத்தான் ஆகிய எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. ஆகவே இது ஒரே ஒரு தொடுதலுக்கான வழி: இழு, தொடு, விடு. அடுத்தடுத்துப் பல பொத்தான்களைத் தொடவோ தட்டச்சு செய்யவோ இதனால் முடியாது. சற்று நேரம் தொடாமல் விட்டாலும் திரை தானாக மேலேறிவிடும். இழுக்கும் சைகையும் பழகும்வரை படுத்தும். கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் முகப்புத் திரை, அதே இடத்தில் கீழ்நோக்கி இழுத்தால் ஒருகை நிலை என்பதால், விரல் சற்றே தடுமாறினாலும் செயலி மூடிவிடுகிறது. விசைப்பலகை திறந்திருக்கும்போது இடைவெளி விசைக்கு மிக அருகில் இந்தச் சைகையைச் செய்ய வேண்டியிருப்பதால் பிழை இன்னும் கூடும்.

## வழி 2: திரையை மூலைக்குச் சுருக்குதல்

சாம்சங் கைப்பேசிகளில் Settings > Advanced features > One-handed mode என்று இருப்பது இந்த வகை. கீழ் விளிம்பின் நடுவில் கீழ்நோக்கி இழுத்தோ, பொத்தான் வழிசெலுத்தல் இருந்தால் முகப்புப் பொத்தானை இருமுறை தொட்டோ இதை இயக்கலாம். முழுத் திரையும் சிறுவடிவமாகி ஒரு கீழ்மூலையில் அமரும்; சுற்றிலும் கறுப்பு வெளி இருக்கும். அங்குள்ள அம்புக்குறியைத் தொட்டு அதை மறுபக்கம் மாற்றலாம். மூலையைப் பிடித்து இழுத்து அளவையும் மாற்றலாம். வேறு சில நிறுவனங்கள் 3.5, 4, 4.5 அங்குலம் என்று அளவுகளை வரையறுத்தே கொடுத்திருக்கின்றன.

6.7 அங்குலத் திரையை 4 அங்குலமாக்கினால் எல்லாம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குச் சுருங்கும். புதிய திரை 93 மி.மீ. உயரமும் 42 மி.மீ. அகலமும் கொண்டது. முன்பு எட்டாமல் நின்ற அந்த அம்புக்குறி இப்போது 86 மி.மீ. உயரத்தில், வலது விளிம்பிலிருந்து 38 மி.மீ. தொலைவில் இருக்கும். அந்த உயரத்தில் என் தங்கையின் விரல் 48 மி.மீ. வரை செல்லும் என்பதால் அது தாராளமாக எட்டுகிறது. உயரம், அகலம் இரண்டையும் ஒருசேரத் தீர்ப்பது இந்த வழி ஒன்றுதான். கீழே இழுப்பதைப்போல் எதுவும் மறைவதில்லை என்பதால் தட்டச்சு, பல படிகள் கொண்ட படிவம் போன்றவற்றையும் அதே நிலையில் இருந்தபடி செய்யலாம். இந்த வழிக்குச் சார்பாக இருக்கும் வலுவான காரணம் இதுவே.

விலை என்னவென்றால், விரல் சுருங்குவதில்லை. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதுவோருக்குச் சொல்லப்படும் குறைந்தபட்சத் தொடுபரப்பு, திரைப்பொருள்களை அளக்கும் டிபி என்ற அலகில் 48. இந்தத் திரையில் அது ஏறத்தாழ 8 மி.மீ. அளவாக இருக்கும். 60 விழுக்காட்டில் அது 5 மி.மீ.-க்கும் கீழே இறங்குகிறது. 12 எழுத்துகளை ஒரே வரிசையில் வைக்கும் தமிழ்99 விசைப்பலகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: முழுத் திரையில் 5.8 மி.மீ. அகலமுள்ள விசை 3.5 மி.மீ. ஆகிவிடும். ற, ன, ண என்று தவறிப்போய், அழித்து அழித்து எழுதுவதிலேயே பொழுது போகும். கொம்பும் சுழியும் நிறைந்த எழுத்துகள் அந்த அளவில் கண்ணுக்கும் கலங்கலாகவே தெரிகின்றன.

இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. அமைப்புகளில் எழுத்தளவையும் திரைப்பொருள்களின் அளவையும் முன்கூட்டியே ஒன்றிரண்டு படிகள் கூட்டிவைத்தால், சுருக்கியபின் அவை ஓரளவு இயல்பாகத் தெரியும். ஆனால் சுருக்கத்திலிருந்து வெளியே வந்தவுடன் முழுத் திரையில் எல்லாம் பெருத்து நிற்கும்; ஒரு பக்கத்தில் தெரியும் வரிகள் குறையும். நாளின் பெரும்பகுதியைச் சுருங்கிய நிலையிலேயே கழிப்பவருக்கு மட்டும் இது பொருந்தும். அப்படிக் கழிப்பவர், பெரிய கைப்பேசியை ஏன் வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வதும் நல்லது.

இன்னொரு தொல்லையையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கறுப்பு வெளியைத் தொட்டால் முழுத் திரை திரும்பிவிடும். பெருவிரலை மூலை நோக்கி நீட்டும்போது விரலின் பக்கவாட்டுச் சதை அந்த வெளியில் பட்டுவிடுவது சாதாரணம். நீங்கள் ஒன்றும் செய்யாமலே திரை அடிக்கடி பெரிதாகிறது என்றால், பழுது கைப்பேசியில் இல்லை. சுருக்கிய அளவை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

## வழி 3: திரையை விட்டுவிட்டு விசைப்பலகையை மாற்றுதல்

ஒரு கையால் பயன்படுத்துவதில் பெரும்பகுதி தட்டச்சுதான் என்றால், முழுத் திரையையும் அசைக்க வேண்டியதில்லை. கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில், அதன் அமைப்புப் பட்டியலில் உள்ள ஒருகைத் தெரிவு, விசைகளை வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுக்கிவிடுகிறது. ஐஃபோனின் சொந்த விசைப்பலகையில் உலக உருண்டை அல்லது முகக்குறி விசையை அழுத்திப் பிடித்தால் இதே தெரிவு கிடைக்கும்.

ஆனால் என் அனுபவத்தில் பக்கவாட்டில் ஒதுக்குவதைவிட மேலே உயர்த்துவது அதிகம் உதவுகிறது. பெருவிரலின் அடிமூட்டு திரையின் கீழ் விளிம்பில் இல்லை. சற்று மேலே, என் தங்கையின் பிடியில் ஏறத்தாழ 35 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதனால் கீழ் வரிசையின் வலக்கோடியில் உள்ள விசையைத் தொட விரலை நன்றாக மடக்க வேண்டும். மடக்கி மடக்கித் தொடுவதுதான் பெருவிரலின் அடியில் வலியை உண்டாக்குகிறது. எட்டாத தொலைவைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மிக அருகில் இருப்பதும் சிக்கல் என்பதை வளைவு வரைந்து பார்க்கும்போதுதான் உணர்கிறோம். ஜிபோர்டின் அளவு மாற்றும் தெரிவில் விசைப்பலகையைக் கீழ் விளிம்பிலிருந்து தூக்கி வைக்கலாம். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தூக்கினால் எல்லா வரிசைகளும் விரலின் இயல்பான வீச்சுக்குள் வந்துவிடுகின்றன. செலவு, அந்த அளவுக்குச் செய்தி தெரியும் இடம் குறைவது மட்டுமே.

உலாவியின் முகவரிப் பட்டையைக் கீழே வைத்துக்கொள்வதும் இதே வகையைச் சேர்ந்தது. சஃபாரியில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் அது இயலும். ஆண்ட்ராய்டின் ஃபயர்ஃபாக்ஸிலும் அமைப்புகளில் அந்தத் தெரிவு இருக்கிறது. ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால், நான்காவது கேள்வியில் இந்த வழிக்கு இணையில்லை. ஆனால் பிற செயலிகளின் மேல்மூலைப் பொத்தான்களுக்கு இது ஒன்றும் செய்யாது.

## கணினியிலிருந்து கட்டளை கொடுத்துச் சுருக்கலாமா?

திரையை நிலையாகச் சுருக்கிவிட விரும்புவோர், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கணினியோடு இணைத்து, adb என்ற கருவியின் வழியே கீழ்க்கண்ட கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. 1080 x 2400 புள்ளிகள் கொண்ட திரைக்கு:

```
adb shell wm size 1080x1800
adb shell wm size reset
```

முதல் வரி சுருக்குகிறது. இரண்டாவது பழைய நிலைக்கு மீட்கிறது. ஆனால் சுருங்கிய படம் கீழே அமர்வதில்லை, நடுவில் அமர்கிறது. மேலேயும் கீழேயும் தலா 300 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 19 மி.மீ. கறுப்பாகின்றன. உச்சி 155-இலிருந்து 136 மி.மீ.-க்கு இறங்குகிறது, 105 மி.மீ. எட்டும் விரலுக்கு அது போதாது. அகலத்தையும் சேர்த்து 720x1600 என்று கொடுத்தால் விகிதம் மாறாததால் படம் மீண்டும் முழுத் திரைக்கு விரிந்துவிடும். எதுவும் சுருங்காது, பொருள்கள் பெருத்துத் தெளிவு குறைவதுதான் மிச்சம். மேற்புறத்தை மட்டும் வெறுமையாக்கும் `wm overscan` என்ற கட்டளை முன்பு இருந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே இந்த வழியில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

## மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால்

| கேள்வி | கீழே இழுத்தல் | மூலைக்குச் சுருக்குதல் | விசைப்பலகை மாற்றம் |
|---|---|---|---|
| உயரக் குறை | தீரும் | தீரும் | உலாவியில் மட்டும் |
| அகலக் குறை | தீராது | தீரும் | தட்டச்சில் மட்டும் |
| பொத்தான் அளவு | மாறாது | 60 விழுக்காட்டில் 8 மி.மீ. பொத்தான் 5 மி.மீ.-க்கும் கீழே இறங்கும் | பக்கவாட்டில் ஒதுக்கினால் மட்டும் விசைகள் குறுகும் |
| நுழைந்து வெளியேறும் உழைப்பு | ஒவ்வொரு தொடுதலுக்கும் | ஒவ்வொரு அமர்வுக்கும் | ஒரே முறை |
| தட்டச்சு | இயலாது | இயலும், பிழை மிகும் | எளிது |

வளைவை அளந்தபோது உங்கள் குறை பெரும்பாலும் உயரத்தில்தான் என்று தெரிந்தால், கீழே இழுக்கும் வழியையும் உயர்த்திய விசைப்பலகையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிறிய கைகளுக்கு இந்த இணையே போதும் என்று நினைக்கிறேன். முன்னது எப்போதாவது மேலே தொடுவதற்கு, பின்னது இடைவிடாமல் எழுதுவதற்கு. மாறாக, விரல் எந்த உயரத்திலும் எதிர் விளிம்பைத் தொடவில்லை, அல்லது ஒரு கை எப்போதும் வேறு வேலையில் இருப்பதால் நீண்ட படிவங்களைக்கூட ஒரு கையாலேயே நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால், சுருக்கும் வழியே உங்களுக்கு உரியது. அப்போதும் 60 விழுக்காட்டில் தொடங்காமல், 75 விழுக்காடு அளவில் தொடங்கி, எட்டாத பொத்தான் இருந்தால் மட்டும் சிறுகச் சிறுகக் குறைப்பது நல்லது.

கைப்பேசி கையில் இருந்து நழுவுவதுதான் உண்மையான கவலை என்றால், மேலே சொன்ன எதுவும் அதை நேரடியாகத் தீர்க்காது. பின்புறம் ஒட்டும் விரல் வளையம் அதற்கு நேரான மருந்து. கம்பியில்லா மின்னேற்றம் பயன்படுத்துவோர் கழற்றக்கூடிய வகையைப் பார்த்து வாங்க வேண்டும். வளையம் மாட்டியபின் பிடி மேலேறுவதால் வளைவும் மேலேறும். மறுபடியும் வரைந்து பார்க்காமல் பழைய அளவை நம்ப வேண்டாம்.

என் தங்கை முதலில் ஆசையோடு தேர்ந்தெடுத்தது சுருக்கும் வழியைத்தான். அவளுடைய கைப்பேசியில் இரண்டு வகைகளும் இருந்தன. நான்கு நாள் கழித்து, எழுத்துப் பிழைகளைப் பொறுக்க முடியாமல் கீழே இழுக்கும் வகைக்கு மாறினாள். விசைப்பலகையை 18 மி.மீ. உயர்த்திக்கொண்டாள். இடப்பக்க மேல் மூலையில் பட்டியல் வைத்திருக்கும் ஒரே ஒரு செயலிக்காக மட்டும் இன்னும் இரண்டு கைகளைப் பயன்படுத்துகிறாள்.